சொதி ஏன் திரிகிறது என்று தொடங்குங்கள், டீச்சர்

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் யூடியூபில் சமையல் சேனல் தொடங்கினால், சேனல் அறிமுகம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் தங்கள் பணி வரலாற்றைத்தான் எழுதுகிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் விண்ணப்பங்களும் அறிக்கைகளும் எழுதிப் பழகிய கை அது. பெயர், படிப்பு, பணியாற்றிய பள்ளி, பணிக்காலம், பிறகு வேண்டுகோள் என்ற வரிசை தானாக வந்துவிடும். பாளையங்கோட்டைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த அறிவியல் டீச்சர் ஒருவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். அவர் சம்மதத்தோடு, பெயரை மட்டும் விட்டுவிட்டு, அந்த முதல் வடிவத்தை இங்கே தருகிறேன்.

“அனைவருக்கும் வணக்கம். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் 34 ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். ஓய்வுக் காலத்தைப் பயனுள்ள வகையில் செலவிட விரும்பி இந்தச் சேனலைத் தொடங்கியுள்ளேன். இதில் சைவம், அசைவம், இனிப்பு, காரம், பாரம்பரியம், நவீனம் என அனைத்து வகைச் சமையலும் சுவையாகவும் ஆரோக்கியமாகவும் செய்து காட்டப்படும். அனைவரும் ஆதரவு தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.”

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, மரியாதையும் இருக்கிறது. ஆனால் இதைப் படிப்பவர் எங்கே நின்று படிக்கிறார் என்று பாருங்கள். கைபேசியில் ஒரு சேனலைத் திறந்தால் மேலே பெயரும் படமும் வரும். அவற்றுக்குக் கீழே அறிமுகத்தின் முதல் ஓரிரு வரி மட்டும் தெரியும். மிச்சம் வேண்டுமானால் ‘மேலும்’ என்பதை அழுத்த வேண்டும். அழுத்துகிறவர்கள் குறைவு. டீச்சரின் அறிமுகத்தில் அந்த ஓரிரு வரியில் தெரிந்தது வணக்கமும் பள்ளியும்தான். சமையல் என்ற சொல்லே மறைந்திருக்கும் பகுதிக்குப் போய்விட்டது. முதல்முறை வருகிறவர் அதைப் பள்ளிப் பாடச் சேனல் என்று நினைத்துத் திரும்பிப் போகக்கூடும்.

இரண்டாவது குறை, ‘அனைத்து வகைச் சமையல்’. அப்படிச் சொல்லும் சேனல்கள் ஏராளம். பார்ப்பவர் ஒரு சேனலை நினைவில் வைத்துக்கொள்வது அது எதற்கு என்று தெரிந்தால்தான். ‘இட்லி மாவு புளிக்கவில்லையா, அந்த அம்மாவிடம் பார்’ என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும்படி அது இருக்க வேண்டும். எல்லாம் செய்வேன் என்கிறவரைப் பற்றி அப்படிச் சொல்ல ஒன்றும் கிடைக்காது.

அதனால் எழுதுவதை நிறுத்திவிட்டு டீச்சரிடம் வேறு ஒன்று கேட்டேன். “சமையல் விஷயமா உங்களுக்கு யாரு போன் பண்ணுவாங்க? என்ன கேப்பாங்க?”

அவர் யோசிக்கவே இல்லை. “வெளியூர்ல இருக்கற தங்கச்சி பிள்ளைகதான். சொதி திரிஞ்சு போச்சு பெரியம்மான்னு பண்ணுவாங்க. உளுந்தஞ்சோறு குழைஞ்சு போச்சு, இல்லன்னா கசக்குதுன்னு சொல்லுவாங்க. நல்லா வந்துச்சுன்னு சொல்ல ஒருத்தரும் பண்ண மாட்டாங்க.”

சேனல் அறிமுகம் அந்தப் பதிலிலேயே இருந்தது. அவரிடம் மற்றவர்கள் கேட்பது திருநெல்வேலி வீட்டுச் சமையல். அதிலும் பண்டம் எந்த இடத்தில் கெட்டது என்பதைத்தான் கேட்கிறார்கள். சொதி எங்கே, ஏன் கெடுகிறது என்று காரணத்தோடு சொல்ல அறிவியல் டீச்சருக்குத் தெரியும். 34 வருஷப் பணிக்கு இங்கே உள்ள மதிப்பு அதுதான். பள்ளியின் பெயரும் பட்டமும் பார்ப்பவருக்கு எதையும் சமைத்துத் தராது.

அதன்பிறகு உட்கார்ந்து எழுதிய வடிவம் இது:

“சொதி, உளுந்தஞ்சோறு, கூட்டாஞ்சோறு, எள்ளுத் துவையல். திருநெல்வேலி வீட்டுச் சைவச் சமையல், முதல்முறை சமைப்பவருக்கும் சரியாக வரும்படி அளவோடு.

ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு பண்டம். அது எந்த இடத்தில் கெட்டுப்போகும், ஏன் கெட்டுப்போகும், கெட்டால் என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்தே சொல்வேன். 34 வருஷம் பள்ளியில் அறிவியல் நடத்தியவள் நான். அடுப்படியிலும் காரணம் சொல்லாமல் விடமாட்டேன்.

அளவெல்லாம் நாலு பேருக்கு. கப் என்று சொன்னால் 200 மில்லி டம்ளர். சின்ன ஸ்பூன் 5 மில்லி, பெரிய ஸ்பூன் 15 மில்லி.

ஞாயிறுதோறும் காலையில் ஒரு வீடியோ. நீங்கள் செய்து பார்த்துச் சரியாக வராவிட்டால், எந்தக் கட்டத்தில் மாறியது என்று எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.”

முதல் வாக்கியத்தில் பண்டங்களின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. நெல்லைக்காரர் யாராவது சொதி என்ற பெயரைப் பார்த்தால் போதும், தன் வீட்டுச் சமையல் என்று தெரிந்துகொள்வார். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டில் வைக்கிற விருந்துக் குழம்பு அது. மாப்பிள்ளைச் சொதி என்றே அங்கே சொல்வார்கள். நெல்லைக்கு வெளியே உள்ளவருக்கு அந்தப் பெயர் புதிது என்றால் அடுத்த வாக்கியம் ஊரைச் சொல்லிவிடுகிறது. ஓரிரு வரிதான் தெரியும் என்றாலும் எந்த ஊர்ச் சமையல், யாருக்காக என்பது அதற்குள் வந்துவிட்டது.

பணிக்காலம் இரண்டாவது பத்தியில், ஒரு வேலையோடு சேர்ந்து வருகிறது. காரணம் சொல்லிக் கொடுப்பேன் என்ற பிறகு அறிவியல் டீச்சர் என்று படித்தால் அது பெருமையாகத் தெரியாது, சான்றாகத் தெரியும்.

அளவு பற்றிய வரியை டீச்சரே கேட்டுச் சேர்த்தார். சரியான யோசனை. நம் வீடுகளில் கப் என்றால் காப்பி டம்ளரும் உண்டு, குக்கரோடு வந்த கப்பும் உண்டு. 200 மில்லி என்றும் 250 மில்லி என்றும் ஆளுக்கு ஒன்றாக வைத்திருப்பார்கள். அரிசியையும் தண்ணீரையும் ஒரே கப்பால் அளந்தால் விகிதம் மாறாது. தேங்காய்ப்பாலைக் கப்பாலும் காய்கறியை எண்ணிக்கையாலும் சொல்லும்போதுதான் வித்தியாசம் பெரிதாகும். அளவை ஒருமுறை அறிமுகத்தில் எழுதிவைத்துவிட்டால் எல்லா வீடியோவுக்கும் அது பொருந்தும்.

‘ஞாயிறுதோறும்’ என்பதில் மட்டும் கொஞ்சம் வாதம் நடந்தது. தினமும் ஒன்று போடுவேன் என்பது அவர் ஆசை. ஆனால் படம் பிடிப்பது பேரன், அவனுக்குக் கல்லூரி இருக்கிறது. எழுதிய நாளில் வீடியோ வராவிட்டால் அந்த வரி பொய்யாகிவிடும். கைவசம் நாலைந்து வீடியோ எடுத்து வைத்த பிறகே கிழமையை எழுதலாம் என்று முடிவானது. அதுவரை அந்த வரி இல்லாமலே அறிமுகம் இருந்தது.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சேனல் அறிமுகத்துக்கு யூடியூப் தரும் இடம் 1000 எழுத்து. அதை நாம் எண்ணுகிறபடி கணினி எண்ணுவதில்லை. ‘சமையல்’ நமக்கு நாலு எழுத்து. கணினிக்கு ச, ம, ஐகாரக் குறி, ய, ல, புள்ளி என்று ஆறு. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் ஏறுவதால் ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் இடம் நமக்குக் கிடைக்காது. ஒரு பக்கக் கடிதத்தை அப்படியே கொண்டுபோய் ஒட்டினால் கடைசிப் பகுதியை வெட்ட வேண்டிவரும். மேலே உள்ள அளவில் நாலு சின்னப் பத்தி என்றால் கவலை இல்லை.

எழுதாமல் விட்டவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று கைபேசி எண். பழைய மாணவர்கள் பேசுவார்கள் என்று டீச்சர் அதை எழுத விரும்பினார். அறிமுகம் உலகம் முழுவதும் படிக்கக்கூடிய இடம். அங்கே எண்ணைப் போட்டால் நடுராத்திரியில் முகம் தெரியாதவர்களும் கூப்பிடுவார்கள். தொடர்புக்கு மின்னஞ்சல் முகவரி கொடுக்க யூடியூபே தனிக் கட்டம் வைத்திருக்கிறது. சேனலுக்கென்று புதிதாக ஒரு முகவரி திறந்து அதில் போடுவதே பாதுகாப்பு. பணியாற்றிய பள்ளியின் பெயரும் வீட்டுத் தெருவும் அப்படியே, வேண்டியதில்லை.

இன்னொன்று மருத்துவப் பேச்சு. உளுந்தஞ்சோறு இடுப்புக்கு வலு, பூப்பெய்திய பெண்களுக்கு நல்லது என்று நெல்லையில் சொல்லிக் கொடுப்பது வழக்கம். வழக்கம் என்று வீடியோவில் சொல்லலாம். அறிமுகத்தில் ‘நோய் தீர்க்கும் உணவுகள்’ என்று எழுதினால் அது வைத்தியச் சேனல் ஆகிவிடும். பார்ப்பவர்கள் சர்க்கரைக்கு என்ன, மூட்டுவலிக்கு என்ன என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் தகுதி சமையல்காரருக்கு இல்லை.

அறிமுகத்தை விடவும் கடினமானது வீடியோவின் முதல் பேச்சு. டீச்சர் எடுத்த முதல் வீடியோவின் தொடக்கம் இப்படி இருந்தது: “அனைவருக்கும் இனிய காலை வணக்கம். எல்லாரும் நலமா இருக்கீங்களா? நம்முடைய சேனலுக்கு உங்கள் அனைவரையும் அன்போடு வரவேற்கிறேன். இதுவரை சப்ஸ்கிரைப் பண்ணாதவங்க பண்ணிக்கோங்க, பக்கத்துல இருக்கற பெல் பட்டனையும் அழுத்திடுங்க. இன்னைக்கு நாம பார்க்கப்போறது என்னன்னா, நம்ம திருநெல்வேலியிலே ரொம்பவும் புகழ்பெற்ற...” இங்கே கொஞ்சம் நிறுத்திப் பாளையங்கோட்டை, மறுவீடு, விருந்து என்று சுற்றிவந்து சொதி என்ற பெயர் வரும்போது முக்கால் நிமிடம் முடிந்துவிட்டது. அதுவரை திரையில் டீச்சரின் முகம் மட்டும்தான். அடுப்பும் தெரியவில்லை, தேங்காயும் தெரியவில்லை.

யூடியூப் ஸ்டூடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கோடு வரைந்து காட்டுவார்கள். எந்த நொடியில் எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டும் கோடு அது. முதல் 30 நொடி முடியும்போது நூற்றுக்கு எத்தனை பேர் மிச்சம் என்பதையும் தனியாகச் சொல்லும். வீடியோவுக்குள் வந்தவர்களில் ஒரு பகுதி தொடக்கத்திலேயே போய்விடுவது எல்லாச் சேனலிலும் உண்டு. ஆனால் கோடு செங்குத்தாக விழுந்து, சமையல் தொடங்கும் இடத்தில்தான் சமமாகிறது என்றால், அதற்கு முன் பேசியது பார்ப்பவருக்கு வேண்டியிருக்கவில்லை என்று பொருள். டீச்சரின் கோடு அப்படித்தான் இருந்தது. நடுவில் ஓரிடத்தில் கோடு லேசாக மேலே ஏறியும் இருந்தது. வந்தவர்கள் பின்னால் நகர்த்தி அந்த இடத்தைத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். முதல் பால் ஊற்றும் இடம் அது.

வகுப்பில் பாடம் எடுக்கும்போது டீச்சர் இப்படித் தொடங்கியதே கிடையாது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அமிலம் பற்றிய பாடத்துக்கு எலுமிச்சம்பழமும் ஒரு கிண்ணம் பாலும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைவார் என்று அவர் மாணவர்கள் சொல்வார்கள். பாலில் நாலு சொட்டுப் பிழிந்து, என்ன ஆச்சு, ஏன் ஆச்சு என்று கேட்ட பிறகுதான் புத்தகத்தைத் திறக்கச் சொல்வாராம். கேமரா முன்னால் வந்ததும் அந்த டீச்சர் போய், ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசிப்பவர் வந்துவிட்டார். அதை அவரிடம் சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

சொதிக்குப் புதிதாக எழுதிய தொடக்கம் இது. திரையில் இரண்டு கிண்ணம் மட்டும் தெரியும். டீச்சரின் குரல் கேட்கும்.

“ரெண்டு கிண்ணத்துலயும் இருக்கறது சொதிதான். இது பால் மாதிரி சேர்ந்தாப்புல இருக்கு. இது திரிஞ்சு, தண்ணி வேற திட்டு வேறயா நிக்கி. ஒரே தேங்காய், ஒரே பருப்பு, ஒரே காய். முதல் பாலை ஊத்தின பெறகு இதைக் கொதிக்க விட்டேன், அதை விடலை. அவ்வளவுதான் வித்தியாசம். கொதிக்கறதுக்கு முன்னால எந்த இடத்துல எறக்கணும்னு இன்னைக்குக் காட்டறேன். வணக்கம். நாலு பேருக்கு ஒரு பெரிய தேங்காய் எடுத்துக்கோங்க.”

பேசிப் பார்த்தால் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. முதல் நொடியிலேயே பண்டத்தின் பெயரும் வந்துவிட்டது. சொதி கெட்டுப்போன அனுபவம் உள்ளவர் இரண்டாவது கிண்ணத்தைப் பார்த்ததும் தன்னுடையதுதான் என்று நிற்பார். வணக்கத்தையும் விடவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் வணக்கம் சொல்லாத பேச்சைக் குறைவாக நினைப்பார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் வணக்கம் முதல் சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சப்ஸ்கிரைப் வேண்டுகோளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டோம். ஒன்றைக் கற்றுக்கொண்ட பிறகு கேட்டால் அந்தக் கேள்விக்கு ஒரு உரிமை இருக்கிறது.

இப்படித் தொடங்கினால் சொன்னதை வீடியோவில் நிறைவேற்றியாக வேண்டும். கெட்டுப்போன கிண்ணத்தைக் காட்டிவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் ஓடவிட்டால் பார்ப்பவருக்குக் கோபம் வரும். டீச்சர் காரணத்தை இப்படிச் சொல்கிறார்: தேங்காய்ப்பால் என்பது தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள். தேங்காயில் உள்ள புரதம் அந்தத் துளிகளைச் சூழ்ந்து நின்று, ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. தளதளவென்று கொதித்தால் புரதம் கட்டியாகிப் பிடியை விட்டுவிடும். துளிகள் ஒன்று சேர்ந்து மேலே வரும். முதல் பாலில் எண்ணெய் அதிகம், அதனால் அங்கேதான் திரிவது நன்றாகக் கண்ணுக்குத் தெரியும். புளிப்பும் இதே வேலையைச் செய்யும். அதனால்தான் எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்துச் சூடு கொஞ்சம் தணிந்த பிறகு விடுகிறார்கள்.

காரணம் தெரிந்தால் செய்முறை தானாக வரிசைப்படுகிறது. இரண்டாம் மூன்றாம் பால் தண்ணியானது. காய்களை அதில் வேகவிடலாம், கொதித்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. வெந்த பாசிப்பருப்பை மசித்துச் சேர்த்து உப்பும் போட்ட பிறகு தீயைக் குறைக்க வேண்டும். முதல் பாலை ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருந்தால் ஓரத்தில் நுரை கட்டும். அதுதான் இறக்கும் நேரம். நடுவில் ஒரு குமிழி எழுந்தால் தாமதமாகிவிட்டது. டீச்சர் கேமராவைச் சட்டிக்கு நேர் மேலே வைக்கச் சொல்லி அந்த நுரையைக் காட்டினார். கோடு மேலே ஏறிய இடம் அதுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டதே. டப்பாவில் விற்கும் தேங்காய்ப்பாலில் பல நேரம் திரியாமல் இருக்கப் பொருள் சேர்த்திருப்பார்கள், வீட்டில் பிழிந்த பாலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொன்னார். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அது உபயோகமான வாக்கியம்.

பேச்சு நடையைப் பற்றியும் கொஞ்சம். எழுதிய அறிமுகம் பொதுத்தமிழில் இருந்தால் சரி, படிப்பவர் எந்த ஊராகவும் இருக்கலாம். பேச்சு அப்படி இருக்க வேண்டியதில்லை. ‘இப்பொழுது நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கால் கப் பாசிப்பருப்பு’ என்று டீச்சர் சொல்லும்போது அடுப்படி வகுப்பறை ஆகிவிடுகிறது. அவர் வீட்டில் பேசுகிற நெல்லைப் பேச்சில், அவர் செய்கிற சமையலைச் சொன்னால் போதும். பார்ப்பவர்களைப் ‘பிள்ளைகளே’ என்று கூப்பிடும் பழக்கத்தையும் விட்டுவிட்டார். பார்ப்பவர்களில் அவரைவிட மூத்தவர்களும் இருக்கிறார்கள். ‘எடுத்துக்கோங்க’ என்ற மரியாதைப் பன்மை எல்லாருக்கும் பொருந்தும்.

வீடியோவுக்குக் கீழே எழுதும் குறிப்பு தனி. அதற்கு 5000 எழுத்து வரை இடம் உண்டு. அங்கேயும் மேலே தெரிவது ஓரிரு வரிதான் என்பதால், ‘திருநெல்வேலி சொதி, தேங்காய்ப்பால் திரியாமல் செய்வது எப்படி’ என்று தொடங்கினால் நல்லது. தமிழர்களில் பலர் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள், ஆகவே sodhi kuzhambu என்றும் ஓரிடத்தில் சேர்க்கலாம். அதற்குக் கீழே அளவுகள் முழுவதும் இருக்க வேண்டும். கைபேசியை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துச் சமைக்கிறவர், ஈரக்கையோடு வீடியோவை முன்னும் பின்னும் நகர்த்தமாட்டார். பிறகு நேரக் குறிப்புகள்.

```
0:00 சொதி ஏன் திரிகிறது
0:30 மூன்று பால் எடுப்பது
2:50 காய் வேகவிடுவது
5:20 முதல் பால் ஊற்றி இறக்குவது
```

முதல் குறிப்பு 0:00 என்று இருந்தால்தான் யூடியூப் இவற்றைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும். குறைந்தது மூன்று குறிப்பு வேண்டும், நேர வரிசையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியும் பத்து நொடிக்குக் குறையக் கூடாது. இவ்வளவுதான் விதி. அவசரக்காரர் நேராக நாலாவதற்குப் போய்விடுவாரே என்று டீச்சருக்குத் தயக்கம் இருந்தது. போகட்டும். அடுப்பில் சொதியை வைத்துவிட்டு ஓடி வந்தவர் அவர்.

எதற்கு முதலில் நேரம் செலவிடுவது என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். சேனல் அறிமுகத்தையும் வீடியோ குறிப்பையும் எந்த நாளிலும் திருத்தி எழுதலாம். பேச்சு அப்படி இல்லை. ஒருமுறை ஏற்றிவிட்ட வீடியோவில் வேண்டாத பகுதியை ஸ்டூடியோவிலேயே வெட்டி எடுக்கலாம், ஆனால் புதிதாக ஒரு வாக்கியம் பேசிச் சேர்க்க முடியாது. அதே முகவரியில் வேறு வீடியோவை மாற்றி வைக்கவும் வழியில்லை. உங்கள் அம்மாவோ அத்தையோ உங்களுக்குப் பாடம் எடுத்த டீச்சரோ சேனல் தொடங்கப்போகிறார் என்றால், கேமராவை எடுப்பதற்கு முன் அந்த முதல் அரை நிமிடப் பேச்சை அவரோடு உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.